ரிபட்டல் யாருக்கு? ராத்திரி ஒரு மணிக்கு நடந்த சண்டையும் ஒரு டைம் சார்ட்டும்

சட்ட மாணவர்கள் நிஜ கோர்ட் மாதிரியே வாதாடுற போட்டிதான் மூட் கோர்ட், எங்க டீம்ல நான் பேச்சாளர் கிடையாது, ரிசர்ச்சர். ரவுண்ட் நடக்கும்போது கவுன்சல் டேபிள்ல மூணாவது சேர்ல உக்காந்து எதிரணி சொல்றதை எழுதி எழுதி துண்டுச்சீட்டு தள்றது என் வேலை. அதனால இந்த சண்டையில எனக்கு பங்கு இல்லன்னு சொல்லி ரொம்ப நேரம் தப்பிச்சேன், ஒரு மணி தாண்டினதும் முடியல.

கேஸ் இதான். நாங்க அப்ளிகண்ட், அதாவது வழக்கு போட்ட பக்கம், ஆத்தோட கீழ்ப்பக்கத்துல இருக்குற நாடு. மேல்பக்கத்து நாடு தண்ணிய திருப்பி விட்டுடுச்சு. கேட்டா, "உங்க ஆதரவுல இருக்குற ஆயுதக் குழு எங்க அணையைத் தாக்குச்சு, அதுக்கு இது கவுன்டர்மெஷர்"ன்னு சொல்லுது, அதாவது தப்பு பண்ண நாட்டை வழிக்குக் கொண்டுவர பாதிக்கப்பட்ட நாடு எடுக்குற பதில் நடவடிக்கை. யாழினி முதல் ஸ்பீக்கர், அந்தக் குழு செஞ்சதுக்கு எங்க நாடு பொறுப்பில்லன்னு வாதாடணும். பிரவீன் ரெண்டாவது ஸ்பீக்கர், தண்ணிய திருப்புனது கவுன்டர்மெஷராவே நிக்காதுன்னு காட்டணும். எதிரணி பேசி முடிச்சதும் எங்க ரெண்டு ஸ்பீக்கர்ல ஒருத்தர் மட்டும் எழுந்து ரிபட்டல் பண்ணலாம், அதாவது அவங்க சொன்னதுக்கு சுருக்கமா மறுப்பு சொல்லலாம். அந்த ஒருத்தர் யாரு?

பிரவீன் கட்சி சுலபம். எதிரணியோட ரெண்டாவது ஆள் கடைசியா பேசுறது கவுன்டர்மெஷர் பத்தி, ஜட்ஜ் காதுல சூடா இருக்குறது அதுதான், அதை முழுசா படிச்சவன் நான், நான் எழுந்திரிக்காம வேற யாரு? யாழினி அதுக்கு, "நீ எழுந்தா ரிபட்டல் பண்ண மாட்டடா, உன் ஸ்பீச்சை ரெண்டாவது தடவ பண்ணுவ"ன்னா. அவன் முகம் சுருங்கிடுச்சு. ஆனா அவ சொன்னது பொய்யில்ல.

கௌதம் எங்க ஜூனியர், அவன் மூணாவதா ஒண்ணு எடுத்து விட்டான், "அண்ணா, ரிபட்டலே வேணாம்னு விட்டா என்ன?" எல்லாரும் சிரிச்சோம், ஆனா அது அவ்வளவு முட்டாள்தனம் இல்ல. ஜெஸ்ஸப் மாதிரி சர்வதேச சட்ட மூட் கோர்ட் போட்டில எதிரணியோட சர்ரிபட்டல் எங்க ரிபட்டலுக்கு பதில் சொல்லத்தான் இருக்கு, நாங்க எழுந்திரிக்கலன்னா அவங்களுக்கும் அந்த கடைசி வார்த்தை கிடைக்காது. ரவுண்ட் நமக்கு நல்லா போயிருந்தா விட்டுடறது நிஜமாவே ஒரு ஆப்ஷன். ஆனா அதை ராத்திரியே முடிவு பண்ண முடியாது, அன்னிக்கு ரவுண்ட் எப்படி போச்சுன்னு பாத்துத்தான் சொல்ல முடியும். அதனால அதை ஓரமா வெச்சோம்.

பேசிப் பேசி தீராதுன்னு தெரிஞ்சதும் ஒரு சோதனை வெச்சோம். கௌதம் எதிரணி ரெண்டாவது ஸ்பீக்கரா பத்து நிமிஷம் பேசணும், இவங்க ரெண்டு பேரும் தனித்தனியா நாலு நிமிஷம் ரிபட்டல் பண்ணணும், நான் ஜட்ஜ். கௌதம் நல்லாவே பேசினான். டான்யூப் ஆத்து அணை பத்தின கப்சீகோவோ-நாகிமாரோஸ் கேஸ்ல, 1997 தீர்ப்புல, சர்வதேச நீதிமன்றமே கவுன்டர்மெஷரை ஏத்துக்கிட்டு இருக்குன்னு அடிச்சான். நான் நடுவுல புகுந்து, தண்ணிய திருப்புறதுக்கு முன்னாடி நோட்டீஸ் குடுத்தீங்களான்னு கேட்டதும், "மதகை மூடுன பிறகு குடுத்தோம், மை லார்ட்"னு சொல்லிட்டான். அது ஒரு ஒப்புதல், ரிபட்டலுக்கு இதைவிட பெரிய பரிசு கிடையாது.

முதல்ல பிரவீன். ஏழு பாயின்ட். ஏழு! ஒவ்வொண்ணும் சரிதான், அதுதான் கொடுமை. கௌதம் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் தன் பேச்சு மேல விழுந்த அடியா அவனுக்குத் தெரியுது, எதையும் விட மனசு வரல, எல்லாத்துக்கும் பதில் சொல்லப் போயி மூணு நிமிஷம் தாண்டும்போது தன்னோட பழைய ஸ்பீச்சுக்குள்ள வழுக்கிட்டான். நோட்டீஸ் விஷயம் ஆறாவது பாயின்ட். நாலு நிமிஷத்துல நான் டைம்னு சொன்னப்போ அவன் அஞ்சாவதுல இருந்தான். அந்த ஒப்புதல் கைல இருந்தும் வெளிய வரவே இல்ல.

அப்புறம் யாழினி. எழுந்ததும், "ரெண்டு பாயின்ட்"ன்னா. ஒண்ணு, எதிரணியே சொல்லிட்டாங்க, நோட்டீஸ் மதகை மூடுன பிறகுதான் வந்துச்சு, ஆனா அரசுப் பொறுப்பு பத்தின 2001 வரைவு விதிகள்ல 52-வது விதி முதல்ல கடமைய நிறைவேத்தச் சொல்லிக் கேட்கணும், எடுக்கப்போற முடிவை அறிவிச்சு பேச்சுவார்த்தைக்கும் கூப்பிடணும்னு சொல்லுது. ரெண்டு, அவங்க நம்புற கப்சீகோவோ கேஸ்ல கோர்ட் கவுன்டர்மெஷர்ங்கற கருத்தை ஏத்துக்கிச்சே தவிர, செக்கோஸ்லோவாக்கியா டான்யூப் தண்ணிய தன் பக்கம் திருப்புனதை ஏத்துக்கல, விகிதாசாரம் மீறியிருக்குன்னு தள்ளிடுச்சு, அங்க 80லேருந்து 90 சதவீதம் தண்ணிய தனக்குன்னு எடுத்துக்கிட்டாங்க. எதிரணியோட ஆயுதத்தையே அவங்க மேல திருப்புன மாதிரி இருந்துச்சு. மூணே கால் நிமிஷம். எனக்கு கை தட்டத் தோணுச்சு.

அப்போதான் நான் ஜட்ஜ் வேலைய பாத்தேன். "கவுன்சல், 52-வது விதியோட ரெண்டாவது பகுதி அவசர கவுன்டர்மெஷரை அனுமதிக்குதே, அணை தாக்கப்பட்ட அன்னிக்கு அது அவசரம் இல்லையா?" யாழினி நின்னா. கண்ணு பிரவீன் பக்கம் போச்சு. அவன் நாக்கு நுனில பதில் இருந்துச்சு, சேரைவிட்டு எழுந்திரிக்கப் பாத்தான். பதில் இதான்: அந்தப் பகுதி உரிமைய காப்பாத்திக்க தேவையான அவசர நடவடிக்கைக்கு மட்டும்தான், தண்ணிய மாசக்கணக்குல திருப்பி வெச்சிருக்குறது அதுல வராது, போதாக்குறைக்கு முதல்ல கடமைய நிறைவேத்தச் சொல்லிக் கேட்கணும்ங்கற நிபந்தனைய அந்த விலக்கு எடுத்துடல. பத்து செகண்ட்ல சொல்லலாம், மத்தவங்களோட டாபிக்னா அந்த பத்து செகண்ட் கிடைக்காது.

சரி, இதுல எது ஜெயிச்சுது? யாழினி நல்லா பொறுக்குறா, பிரவீன் நல்லா தாங்குறான். தன் வாதத்தை தானே சொன்னவனுக்கு எதிரணியோட எந்த வரி நிஜமாவே வலிக்குது, எது வெறும் சத்தம்னு தெரியாது, எல்லாமே வலிக்கும். பக்கத்துல உக்காந்து கேட்டவளுக்கு அது தெளிவா தெரியுது, ஆனா ஜட்ஜ் ஒரு கேள்வி போட்டு உள்ள இழுத்தா அவளுக்கு கால் எட்டாது. நிறைய டீம்ல "யாரு நல்லா பேசுவாங்களோ அவங்க"ன்னு முடிச்சிடறாங்க, அது சரியான அளவுகோல் இல்லன்னு எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சுது, ஏன்னா ரிபட்டல்ல பொறுக்குறது ஒரு வேலை, நின்னு பேசுறது இன்னொரு வேலை, ரெண்டையும் ஒரே ஆள் செய்யணும்னு எந்த ரூலும் இல்ல.

அதனால நான் சொன்னேன், பிரவீன் பேசட்டும், பாயின்டை யாழினி பொறுக்கட்டும், அவ ரெண்டு வரி எழுதி தள்ளுவா, அந்த சீட்டுல இல்லாத எதையும் அவன் சொல்லக் கூடாது. டேபிள்ல சீட்டு தள்றதுக்கு தடை இல்லையே. பிரவீன் கொஞ்சம் முறைச்சான், ஆனா தலையாட்டினான். யாழினி மட்டும் அசையல. "எதிரணி முதல் ஸ்பீக்கர் என் டாபிக்ல சறுக்குனா? அந்தத் தாக்குதலையே நாடு நடத்துச்சுன்னு காட்டுற எஃபெக்டிவ் கன்ட்ரோல் வேணாம், குழு மேல ஒட்டுமொத்த கன்ட்ரோல் இருந்தா போதும்னு ஒருத்தன் சொல்லிட்டு போனா, 2007 போஸ்னியா தீர்ப்பு அதை மறுத்து 1986 நிகராகுவா அளவுகோலையே வெச்சுக்கிச்சுன்னு இவன் நின்னு கேள்வி தாங்குவானா?"

நியாயமான கேள்வி. இதே பாடம்தான், ஆள் மட்டும் மாறிடுச்சு. அப்போ யார்னு முன்கூட்டியே முடிவு பண்றதே தப்பு, எதிரணி எங்க சறுக்குதோ அந்த டாபிக்காரங்க எழுந்திரிக்கணும். ரூலும் இதுக்கு இடம் குடுக்குது, ஜெஸ்ஸப்ல ரிபட்டல் பண்ணப்போறது யார்னு முன்னாடியே பேர் சொல்ல வேண்டியதில்ல, டைம் பாக்குற பெய்லிஃப் கிட்ட நிமிஷத்தை பிரிச்சு சொன்னா போதும்.

எல்லாரும் அப்பாடான்னு சாய்ஞ்சப்போ கௌதம் எங்க டைம் சார்ட்டை எடுத்து பாத்துட்டு இருந்தான். "அக்கா, நீங்க பண்ணவே முடியாதே."

ஒரு பக்கத்துக்கு மொத்தம் 45 நிமிஷம், ஆனா ஒரு ஆளுக்கு ரிபட்டலையும் சேத்து 25க்கு மேல ஒதுக்கக் கூடாது. எங்க சார்ட்ல யாழினிக்கு 23, பிரவீனுக்கு 18, ரிபட்டலுக்கு 4. அவ எழுந்தா 27. அதாவது பதினொரு மணிலேருந்து நாங்க போட்ட சண்டையை ரெண்டு வாரம் முன்னாடி எழுதுன ஒரு சார்ட் எப்பவோ தீத்து வெச்சிருக்கு, யாரும் திரும்பிப் பாக்கல! பிரவீனுக்கு சிரிப்பு தாங்கல. யாழினி அவன்மேல பேனாவை எறிஞ்சா.

இப்போ நிஜமான பேரம் ஆரம்பிச்சுது. வழி ஒண்ணு: சார்ட்டை அப்படியே விட்டுட்டு பிரவீன் மட்டும்னு ஒத்துக்கறது, யாழினிக்கு 23 நிமிஷம் முழுசா தங்கும். வழி ரெண்டு: 21, 20, 4ன்னு மாத்துறது, ரெண்டு பேருக்கும் கதவு திறந்திருக்கும், ஆனா அவ ரெண்டு நிமிஷத்தை இழக்கணும். கேள்வி நிறைய விழுற டாபிக் அவளோடது, கேள்விக்கு பதில் சொல்ற நேரமும் அவ கணக்குலதான் ஓடும், அங்க ரெண்டு நிமிஷம்ங்கறது ஒரு முழு சப்மிஷன். வராமலே போகலாம்ங்கற ஒரு சான்ஸுக்காக நிச்சயமா இருக்குற ஒரு சப்மிஷனை குடுக்கணுமான்னு அவ கேட்டா, எனக்கு பதில் இல்ல. சொல்லப்போனா அவ இடத்துல இருந்தா நான் முதல் வழிக்கே போயிருப்பேன்.

பிரவீன்தான் சோதனையில ஓடுன டைமை எடுத்தான். "நீ மூணே கால்ல முடிச்ச, ரெண்டு பாயின்டுக்கு. ஓப்பனிங்கை சுருக்குனா மூணு போதும். எனக்கு நாலு குடுத்தா நான் ஏழு பாயின்ட் சொல்வேன், அதுவும் தெரிஞ்சுபோச்சு." 22, 20, 3. யாழினி எழுந்தா சரியா 25, அவன் எழுந்தா 23, கூட்டுனா 45. அவளுக்கு ஒரு நிமிஷம்தான் நஷ்டம். அவ அந்தக் கணக்கை மூணு தடவ போட்டு பாத்தா, அப்புறம் தன் ஸ்கிரிப்டை எடுத்து, எந்த ஒரு நிமிஷத்தை வெட்டுறதுன்னு பென்சிலால கோடு போட ஆரம்பிச்சா.

மணி ரெண்டே கால். கௌதம் சார்ட்டை புதுசா எழுதினான், நான் ரெண்டு கலர்ல துண்டுச்சீட்டு வெட்டி வெச்சேன், மஞ்சள்னா அவ, நீலம்னா அவன், எதுவும் எழுதாத வெறும் சீட்டு தள்ளுனா ரிபட்டல் வேணாம்னு அர்த்தம். "வெறும் சீட்டு எதுக்கு, சும்மா இருந்தா போதாதா?"ன்னு கேட்ட பிரவீனுக்கு பதில் சொல்ல ஆள் இல்ல, யாழினி மேசை மேலயே தலை வெச்சு தூங்கிட்டா, பென்சில் இன்னும் நாலாவது பக்கத்துல எந்த வரியையும் வெட்டாம நின்னுட்டு இருந்துச்சு.