ஒரு நிமிடத்தில் சிறுநீரகம்: தலைப்புகளை ஓட்டுவதா, ஒரு கேள்வியைப் பிடிப்பதா?

நர்சிங் முதலாண்டில் உடலியங்கியல் தேர்வுக்கு முந்தைய நாள் எங்கள் விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கொரு பாடத்தைப் பிரித்துக்கொள்வோம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து அவரவர் பாடத்தை ஒரு நிமிடத்தில் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு நிமிடம் தாண்டினால் அடுத்தவள் ஆரம்பித்துவிடுவாள். எனக்கு வந்தது சிறுநீரகம். இதைச் சுருக்குவதற்கு என் கண்ணில் பட்ட வழிகள் மூன்று: முதலெழுத்துச் சூத்திரம், தலைப்பு ஓட்டம், ஒரே கேள்வி. நான் மூன்றாவதை எடுத்தேன். இன்றைக்கும் அதையே எடுப்பேன் என்பதால், கீழே வருவது நடுநிலையான அலசல் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலெழுத்துச் சூத்திரத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பெயர்களின் முதலெழுத்தைக் கோத்து ஒரு வேடிக்கையான வாக்கியம் செய்துகொள்வது. மூளை நரம்புகள் பன்னிரண்டுக்கும், மணிக்கட்டு எலும்புகள் எட்டுக்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது வரிசையை நினைவில் வைக்கும். எது எதனால் நடக்கிறது என்பதைச் சொல்லாது. சிறுநீரகத்தின் நுண்குழலான நெஃப்ரானின் பகுதிகளை வரிசையாகச் சொல்லத் தெரிந்தவளுக்கு, அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டால் பதில் வருமா என்பது வேறு விஷயம்.

தலைப்பு ஓட்டம்தான் எல்லோரும் இயல்பாகச் செய்வது. புத்தகத்தைப் புரட்டி, தடித்த எழுத்தில் இருப்பதையெல்லாம் வரிசையாகச் சொல்வது. "சிறுநீரகத்தின் வெளிப்பகுதி கார்டெக்ஸ், உட்பகுதி மெடுல்லா. செயல் அலகு நெஃப்ரான். சிறுநீர் உருவாவதில் மூன்று படி: வடிகட்டுதல், மீள உறிஞ்சுதல், சுரத்தல். கட்டுப்படுத்துவது ஏ.டி.ஹெச்., ரெனின், ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டீரோன்..." இப்படியே போகும். இதில் ஒரு நிம்மதி இருக்கிறது: எதுவும் விட்டுப்போகவில்லை என்று தோன்றும். ஒன்றிரண்டு மதிப்பெண் கேள்விகளுக்கு இது உதவவும் செய்யும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு பாடத்தில் பத்துப் பன்னிரண்டு தலைப்பு இருந்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது ஐந்து விநாடி. ஐந்து விநாடியில் பெயரைச் சொல்லலாம், அதற்கு மேல் முடியாது. அந்தப் பெயரை ஏற்கெனவே படித்தவளுக்கு அது நினைவூட்டல், படிக்காதவளுக்கு வெறும் சத்தம்.

கேள்வி வழியில் முதல் வேலை, பாடத்துக்குள்ளேயே ஒன்றோடொன்று இடிக்கிற இரண்டு செய்திகளைத் தேடுவது. சிறுநீரகத்தில் அது எண்ணாகவே கிடைத்துவிடுகிறது. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து நிமிடத்துக்குச் சுமார் 125 மில்லி வடிகட்டுகின்றன. ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் 180 லிட்டர். நாம் கழிப்பதோ ஒன்று, ஒன்றரை லிட்டர். அதாவது நிமிடத்துக்கு ஒரு மில்லி அளவு. மீதி எங்கே போனது? இந்தப் பாடத்தில் அதிர்ஷ்டவசமாகக் கணக்கே நிமிடத்தில் இருக்கிறது, நாம் பேசுவதும் ஒரு நிமிடம். அதனால் ஏறக்குறைய இப்படிச் சொன்னேன்:

"நான் பேசி முடிக்கிறதுக்குள்ள உங்க சிறுநீரகம் 125 மில்லி வடிகட்டியிருக்கும். ஆனா சிறுநீர்ப்பைக்குப் போறது ஒரு மில்லிதான். மீதி 124 எங்கே? கிளாமருலஸுங்கிற ரத்தக்குழாய் முடிச்சுக்கு உள்ளே வர்ற ரத்தக்குழாய் அகலம், வெளியே போறது குறுகல். அதனால அழுத்தம் கூடி ரத்தத்துல இருந்து நீர் பிதுங்கி வருது. ரத்த அணுவும் புரதமும் பெரிசு, அதனால தங்கிடும். சின்னது எல்லாம் வந்துடும், குளுக்கோஸ் உட்பட. அது நமக்கு வேணுமே! அதனால அடுத்து வர்ற அண்மைச் சுருள் குழல் குளுக்கோஸ் மொத்தத்தையும், உப்பு தண்ணியில பெரும்பகுதியையும் திரும்ப எடுத்துக்குது. மிச்சத் தண்ணியை எடுக்கணும்னா வெளியே உப்பு அதிகமா இருக்கணும். அந்த வேலைதான் ஹென்லே வளைவுக்கு. ஏறுற பக்கம் உப்பை மட்டும் வெளியே தள்ளும், தண்ணியை விடாது. அதனால மெடுல்லா உப்பாகுது. இறங்குற பக்கத்துல தண்ணி அந்த உப்புக்கு வெளியேறும். கடைசியா சேகரிப்பு நாளம் அதே உப்புக்கு நடுவுல இறங்குது. உடம்புல தண்ணி குறைஞ்சா ஏ.டி.ஹெச். ஹார்மோன் வரும், நாளத்தோட சுவர் தண்ணியை விடும், தண்ணி ரத்தத்துக்குத் திரும்பும். ஏ.டி.ஹெச். இல்லைன்னா அப்படியே வெளியே போயிடும்."

இது சுமார் நூற்றுப் பத்துச் சொல். நான் கொஞ்சம் நிதானமாகப் பேசுகிறவள், எனக்கு ஒரு நிமிடம் சரியாக வருகிறது. இதற்கு மேல் இருபது சொல் சேர்த்தால் வேகமெடுக்க வேண்டியிருக்கும், வேகமெடுத்தால் ஹென்லே வளைவில் கேட்பவர்கள் தொலைந்துவிடுவார்கள். எழுதி வைத்துப் படிப்பதும் வேண்டாம். படிக்கும்போது குரல் தானாக ஓட ஆரம்பிக்கும். கையில் நான் வைத்திருந்தது பஸ் டிக்கெட் அளவுச் சீட்டு, அதில் ஐந்தே சொல்: 125-1, அழுத்தம், குளுக்கோஸ், உப்பு, ஏ.டி.ஹெச்.

விட்டது நிறைய. யூரியா கல்லீரலில் உருவாகும் ஆர்னிதின் சுழற்சி இல்லை, ரெனின் இல்லை, சுரத்தல் இல்லை, டயாலிசிஸ் இல்லை. தலைப்பு ஓட்டக்காரர்கள் இதைத்தான் குறையாகச் சொல்வார்கள். "ரெனின் கேட்டா என்ன பண்ணுவ?" என்று தோழி ஒருத்தி அங்கேயே கேட்டாள். நியாயமான கேள்விதான்.

ஆனால் எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: கேட்டவள் நடுவில் ஒன்றை மறந்துவிட்டால் என்ன ஆகும் என்பது. தலைப்பு ஓட்டத்தில் ஒரு பெயர் நழுவினால் அது போனதுதான். முன்னால் இருக்கும் பெயரும் பின்னால் இருக்கும் பெயரும் அதை மீட்டுத் தராது. கேள்வி வழியில் ஒவ்வொரு வரியும் அடுத்ததற்குக் காரணம். ஹென்லே வளைவு என்ன செய்யும் என்பது தேர்வறையில் மறந்துபோனது என்று வைத்துக்கொள்வோம். சேகரிப்பு நாளத்திலிருந்து தண்ணீர் வெளியே போக வேண்டும் என்பது நினைவிருந்தால், வெளியே உப்பு இருந்தே ஆக வேண்டும். யாரோ அங்கே உப்பைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்க வேண்டும். மறந்தது திரும்பக் கிடைத்துவிடும்.

இதைச் சோதித்துப் பார்க்கவும் எளிய வழி உண்டு. சொல்லி முடித்ததும் "புரிந்ததா?" என்று கேட்பதில் பயனில்லை, எல்லோரும் தலையாட்டுவார்கள். அதற்குப் பதில், சொல்லாத ஒன்றைக் கேட்க வேண்டும். நான் கேட்டது: "ஏ.டி.ஹெச். சுரக்கவே இல்லைன்னா?" சிறுநீர் லிட்டர் லிட்டராகப் போகும், நீர்த்துப் போயிருக்கும், ஓயாமல் தாகம் எடுக்கும் என்று ஒருத்தி சொன்னாள். டயாபடிஸ் இன்சிபிடஸை அவள் அப்போது படித்திருக்கவில்லை, ஆனாலும் அதன் அறிகுறிகளைச் சொல்லிவிட்டாள். உடனே இன்னொருத்தி, "அப்போ சர்க்கரை நோய்க்காரங்க அடிக்கடி பாத்ரூம் போறதும் இதனாலதானா?" என்றாள். இல்லை, அங்கே காரணம் வேறு. ரத்தத்தில் குளுக்கோஸ் டெசிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் அண்மைச் சுருள் குழலால் மொத்தத்தையும் திரும்ப எடுக்க முடியாது. மிஞ்சிய குளுக்கோஸ் குழலுக்குள்ளேயே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இரண்டும் சேர்ந்து வெளியே போகும். ஒரே சங்கிலியில் இரண்டு நோய் இரண்டு வெவ்வேறு கண்ணியில் வந்து உட்கார்ந்தன. இரண்டுக்கும் 'டயாபடிஸ்' என்று பெயர் இருப்பதால் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. எந்தக் கண்ணி அறுந்தது என்று பார்த்தால் குழப்பம் வராது.

வார்டில் அன்றாடம் கொடுக்கும் ஃபுரோசமைடு ஊசியும் அப்படித்தான். அது ஹென்லே வளைவின் ஏறுமுகத்தில் உப்பைத் தள்ளும் வேலையைத் தடுக்கிறது. மெடுல்லா உப்பாகாது, ஏ.டி.ஹெச். இருந்தாலும் தண்ணீர் திரும்ப வராது, சிறுநீர் கொட்டும். உப்பும் பொட்டாசியமும் சேர்ந்தே போவதால்தான் அந்த நோயாளிக்குப் பொட்டாசியம் பார்க்கச் சொல்கிறார்கள். மருந்தியல் பாடம் அடுத்த ஆண்டு வந்தபோது எனக்கு இந்தப் பகுதி புதிதாக இல்லை.

கேள்வி வழி சொதப்பும் இடமும் ஒன்று உண்டு, அது ஆபத்தானது. சங்கிலியில் ஒரு கண்ணி தவறாக இருந்தால், தவறும் காரணத்தோடு சேர்ந்து மனதில் பதிந்துவிடும். இந்தப் பாடத்தில் வழக்கமாகத் தவறுவது ஹென்லே வளைவின் இரண்டு பக்கங்கள்: இறங்குவது தண்ணீரை விடும், ஏறுவது உப்பை விடும். மாற்றிச் சொன்னாலும் வாக்கியம் கேட்பதற்குச் சரியாகவே இருக்கும், யாரும் மறுக்க மாட்டார்கள். அதேபோல "ஏ.டி.ஹெச். உப்பைத் திரும்ப எடுக்கும்" என்று வாய் தவறும். அது ஆல்டோஸ்டீரோனின் வேலை. தலைப்பு ஓட்டத்தில் தவறினால் ஒரு பெயர் தப்பு, அவ்வளவுதான். அதனால் சொல்வதற்கு முன் அம்புக்குறிகளை மட்டும் புத்தகப் படத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

எல்லாப் பாடத்துக்கும் இது பொருந்துமா என்றால், எனக்குத் தெரிந்த வரையில் உடலியங்கியலுக்குப் பொருந்துகிறது. சுவாசத்துக்கு "நுரையீரலில் ஆக்ஸிஜனைப் பிடித்த ஹீமோகுளோபின் திசுவில் ஏன் விடுகிறது?" என்று கேட்டால் பாதிப் பாடம் வந்துவிடும். ஆனால் உடற்கூறியலில் எலும்பு, தசை, நரம்புப் பெயர்கள் என்று வந்தபோது இந்த முறை எனக்குக் கைகொடுக்கவில்லை. அங்கே முதலெழுத்துச் சூத்திரத்துக்குத்தான் போனேன். நுண்ணுயிரியலில் பாதிதான் வேலை செய்தது. கணக்குப் பாடங்களில் முயன்றதில்லை, அதனால் பேசுவதற்கு இல்லை.

நேரமும் பார்க்க வேண்டும். முந்தைய நாள் இரவு என்றால் கேள்வி. தேர்வறை வாசலில் பத்து நிமிடம் இருக்கும்போது நானும் தலைப்பு ஓட்டத்துக்கே மாறிவிடுவேன். அப்போது யாருக்கும் புதிதாகப் புரிய வைக்க முடியாது, விட்டதை நினைவுபடுத்தத்தான் முடியும். ரெனின், ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டீரோன் வரிசையைத் தோழிக்கு அங்கே வைத்துத்தான் சொன்னேன்.