சித்திக்கு விதவை பென்ஷன் போட ஊர்ல அலைஞ்ச கதை (2024)

சிங்கப்பூர்ல இருந்து லீவுக்கு விருதுநகர் மாவட்டத்துல எங்க ஊருக்குப் போயிருந்தேன், சித்தப்பா தவறி ஒரு வருஷத்துக்குள்ளதான் ஆகுது, சித்திக்கு ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் இன்னும் எழுதிப் போடலன்னு தெரிஞ்சதும் இந்தத் தடவை வேற வேலையே வேண்டாம் இத முடிச்சிட்டுதான் கெளம்பணும்னு முடிவு பண்ணேன். ஊர்ல எல்லாரும் இத ஓஏபின்னுதான் சொல்றாங்க, முதியோர் பென்ஷனும் இதுவும் தாலுகா ஆபீஸ்ல ஒரே இடத்துலதான் பாக்குறாங்க, சமூகப் பாதுகாப்புத் திட்ட தனி தாசில்தார்தான் ஆர்டர் போடுவார். 2023-ல 1000 ரூபாயா இருந்தத 1200 ஆக்கினாங்க. வெளிநாட்டுல இருக்கற நமக்கு அது சின்ன தொகையாத் தெரியலாம், சித்திக்கு அது மாசம் மாசம் யார்கிட்டயும் கை நீட்டாம மளிகை வாங்குற காசு.

மொதல்ல நின்னது இறப்புச் சான்றிதழ்ல. சித்தி நேரா விஏஓகிட்ட போய் கேட்டிருக்காங்க, அவர் என் ரிஜிஸ்டர்லயே இல்லம்மான்னு சொல்லி அனுப்பிட்டார். அவர் சொன்னது சரிதான். சித்தப்பா செத்தது மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில, இறப்பு எங்க நடந்துச்சோ அங்கதான் பதிவாகும், சொந்த ஊர்ல இல்ல. ஆஸ்பத்திரியே ரிப்போர்ட் அனுப்பிரும், அதனால 21 நாள் கெடு பத்தி நாங்க பயந்தது தேவையில்லாம போச்சு, பதிவு ஏற்கனவே மதுரையில இருந்துச்சு. வீட்டுலயே இறந்திருந்தா கதை வேற, அந்த 21 நாளுக்குள்ள வீட்டு ஆளுங்கதான் போய் சொல்லணும், ஒரு வருஷம் தாண்டிட்டா மேல அதிகாரி உத்தரவு இல்லாம பதிவே பண்ண முடியாது.

சான்றிதழ் கையில வந்ததும்தான் பெரிய சிக்கலே தெரிஞ்சுது. ஆதார், ரேஷன் கார்டு, ஓட்டு அட்டை எல்லாத்துலயும் சித்தப்பா பேரு கருப்பசாமி. சான்றிதழ்ல கருப்பையா. ராத்திரி அவசரத்துல அட்மிஷன் போடும்போது கூடப் போன யாரோ வீட்டுல கூப்பிடுற பேர சொல்லியிருக்காங்க, அட்மிஷன் சீட்டுல எழுதினதுதான் ரிப்போர்ட்டுக்குப் போச்சு, ரிப்போர்ட்ல இருந்ததுதான் சான்றிதழ்ல வந்துச்சு. சித்தியோட ஆதார்ல கணவர் பேரு கருப்பசாமின்னு இருக்கு, அப்ப கருப்பையா செத்ததுக்கு இவங்க எப்படி விதவைன்னு எந்த ஆபீஸும் கேக்கத்தான் செய்யும். இ-சேவை மையத்துல இருந்த தம்பி பரவால்லண்ணே அப்லோட் பண்ணிப் பாப்போம்னு சொன்னாப்ல, நான் வேண்டாம்னுட்டேன். விசாரணையில ஒருதடவ தள்ளுபடி ஆச்சுன்னா திரும்ப மொதல்ல இருந்து போடணும், அது சித்தியால தனியா முடியாது.

திருத்தம் பண்ணணும்னா பதிவு பண்ண அதே இடத்துலதான் கேக்கணும், நம்ம தாலுகா ஆபீஸ்ல ஒன்னும் பண்ண முடியாது. வெறும் எழுத்துப் பிழைன்னா லேசா முடிஞ்சிரும், இது பேரே வேறயா இருக்கறதால சித்தப்பாவ நல்லா தெரிஞ்ச ரெண்டு ஆளுங்க கருப்பசாமியும் கருப்பையாவும் ஒரே ஆளுதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும், கூட அவரோட ஆதார், ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் பேப்பர். பழைய பதிவ அழிக்க மாட்டாங்க, ஓரத்துல திருத்தம்னு எழுதிட்டு அதுபடி புது சான்றிதழ் தருவாங்க. கவுன்டர்ல இருந்தவர் மொதல் தடவ எங்கள நிமிந்துகூட பாக்கல, நாளைக்கு வாங்கன்னு மட்டும் சொன்னார், சித்தி பஸ் ஏறி வந்து நின்னத நெனச்சா இப்பவும் மனசு கொதிக்குது. உள்ள இருந்த ஒரு மேடம்தான் பேப்பர வாங்கி ஒவ்வொன்னா பாத்து இது இது கொண்டாங்கன்னு ஒரே தடவையில சொன்னாங்க, அவங்க நல்லா இருக்கணும்.

அடுத்தது வருமானச் சான்றிதழ். இதுக்கும் இ-சேவைதான், கட்டணம் 60 ரூபாய், அங்க இருந்து விஏஓ, ஆர்ஐ, அப்புறம் தாசில்தார் ஆபீஸ். இதுக்கு மொதல்ல கேன் நம்பர்னு ஒன்னு பதியணும், அதுக்கு ஓடிபி வரும், சித்தி ஆதார்ல இருந்த நம்பர் சித்தப்பாவோட சிம், ரீசார்ஜ் பண்ணாம எப்பவோ செத்துப் போச்சு. அதனால ஆதார் சென்டர்ல ரேகை வச்சு 50 ரூபாய் கட்டி புது நம்பர் மாத்தின பிறகுதான் நகர முடிஞ்சுது. இந்த மாதிரி வீட்டுல இழவு விழுந்திருந்தா தயவுசெஞ்சு அந்த சிம்மைக் கொஞ்ச நாள் உயிரோட வச்சிருங்க.

வருமானம் எவ்வளவுன்னு எழுதுறதுல கவனம் வேணும். சித்தி நூறு நாள் வேலைக்குப் போறாங்க, மிச்ச நாள் வீட்டுல தீப்பெட்டி ஒட்டுறாங்க. மையத்துல அந்த தம்பி ரேஷன் கார்டப் பாத்துட்டு திருப்பூர்ல இருக்கற மகன் சம்பளத்தையும் சேத்து டைப் பண்ணப் போனாப்ல. மகன் கல்யாணம் ஆகித் தனி கார்டு வாங்கியாச்சு, ஆனா பழைய கார்டுல இருந்து அவன் பேரும் சித்தப்பா பேரும் இன்னும் நீக்கல. மொதல்ல அந்த ரெண்டு பேரையும் நீக்கி கார்டு சித்தி பேருல மாறின பிறகு வருமானத்துக்குப் போட்டோம். விஏஓ வீட்டுக்கே வந்து விசாரிச்சார், மகன் காசு அனுப்புறானா, நிலம் இருக்கா, வெளிநாட்டுல இருந்து யாராவது அனுப்புறாங்களா, பக்கத்து வீட்டுலயும் கேட்டார். நான் பொங்கல் தீபாவளிக்குத் தர்றத மறைக்காம சொன்னேன், அது மாச வருமானம் இல்லன்னு அவரும் எழுதிக்கிட்டார்.

இடையில ஒருத்தர் ஆதரவற்ற விதவைச் சான்றிதழ் வாங்கிட்டா பென்ஷன் தானா வந்துரும்னு சித்திகிட்ட சொல்லி வச்சிருந்தார். அப்படி வராது. அந்த சான்றிதழ் வேலைவாய்ப்பு முன்னுரிமை மாதிரி விஷயத்துக்குத்தான் முக்கியமா கேப்பாங்க, பென்ஷனுக்குத் தனியா விண்ணப்பம் போட்டாத்தான் ஆர்டர்.

கடைசியா பேங்க். சித்திகிட்ட இருந்தது பாண்டியன் கிராம பேங்க் பாஸ்புக், சித்தப்பா பேரும் சேந்த ஜாயின்ட் அக்கவுன்ட். அந்த பேங்க் 2019 ஏப்ரல்ல பல்லவன் கிராம பேங்க்கோட சேந்து தமிழ்நாடு கிராம பேங்க் ஆயிருச்சு, பழைய புக்ல இருக்கற ஐஎஃப்எஸ்சி-ய அப்படியே டைப் பண்ணா வேலைக்காகாது. அதோட ரெண்டு வருஷத்துக்கு மேல போட எடுக்க இல்லாததால அக்கவுன்ட் முடங்கிக் கெடந்துச்சு. இறப்புச் சான்றிதழ் கொடுத்து சித்தப்பா பேர எடுத்து, கேஒய்சி முடிச்சு, சித்தி பேருல மட்டும் புது பாஸ்புக் வாங்கினோம். ஆதார அக்கவுன்ட்ல இணைச்சாச்சுன்னு பேங்க்ல சொன்னாலும் அரசுப் பணம் எந்த பேங்க்குக்குப் போகும்னு தனியா பாக்கணும், மொபைல்ல *99*99*1# போட்டு ஆதார் நம்பர் அடிச்சா எந்த பேங்க்னு காட்டும். சித்திக்கு அது எப்பவோ ஒரு கேம்ப்ல தொறந்த வேற பேங்க்க காட்டுச்சு, மாத்தித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்துட்டு, மாறின பிறகு திரும்ப அடிச்சுப் பாத்துட்டுத்தான் பென்ஷன் விண்ணப்பத்த அனுப்பினோம்.

நான் திரும்பி வந்த பிறகு ஆர்ஐ விசாரணையும் முடிஞ்சு ஆர்டர் வந்துச்சு, தங்கச்சி போட்டோ எடுத்து அனுப்பினா. ஆர்டர் போட்ட மாசத்துல இருந்துதான் கணக்கு, சித்தப்பா செத்த தேதியில இருந்து பாக்கி கெடையாதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்களாம். மொதல் பணத்த ஊருக்கே வந்த பேங்க் ஆளோட மிஷின்ல ரேகை வச்சு சித்தி வாங்கிட்டாங்க, தீப்பெட்டி ஒட்டித் தேஞ்ச விரல்ல ரேகை சரியா விழலையாம், இன்னொரு விரல வச்சுப் பாத்துதான் எடுத்திருக்காங்க.