‘க்ளோ ஊசி’ பேக்கேஜ்: பணம் கட்டும் முன் டியூபின் லேபிளைப் படியுங்கள்

சென்னையில் கல்யாணப் பெண்களைக் குறிவைத்து விற்கப்படும் ‘பிரைடல் க்ளோ’ பேக்கேஜ்களைப் பற்றிய எச்சரிக்கை இது. அண்ணா நகர்ப் பக்கம் ஒரு ஸ்கின் கிளினிக்கில் என் சித்தி மகள் 48,000 ரூபாய் கட்டினாள். அதில் நம் ரத்தத்திலிருந்தே பிளேட்லெட்டைத் திரட்டி முகத்தில் ஊசியாகப் போடும் பிஆர்பி மூன்று தடவை, தோலுக்குள் ஜெல் ஏற்றும் ஸ்கின் பூஸ்டர் இரண்டு தடவை. கடைசியில் கன்னத்தில் கட்டிகள் வந்தன. அதைவிட என்னைக் கோபப்படுத்தியது வேறு விஷயம். பிஆர்பி என்று சொல்லி அவள் முகத்தில் ஏற்றியது பிஆர்பியே இல்லை. புகார் நடந்துகொண்டிருப்பதால் கிளினிக்கின் பெயரை இங்கே போடவில்லை. கேட்க வேண்டாம்.

நான் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். இரண்டாவது பிஆர்பி அன்று துணைக்குப் போனதால்தான் இது தெரியவந்தது.

முதலில் பிஆர்பி எப்படிச் செய்யப்பட வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். நம் ரத்தத்தில் பிளேட்லெட் ஒரு மைக்ரோ லிட்டருக்கு 1.5 லட்சத்திலிருந்து 4.5 லட்சம் வரை இருக்கும். டெங்கு வந்துபோன வீடுகளில் இந்தக் கணக்கைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அந்தப் பிளேட்லெட்டுகளைக் கொஞ்சம் பிளாஸ்மாவில் நெருக்கமாகத் திரட்டி எடுப்பதுதான் பிஆர்பி. சுமார் பத்து லட்சம் வரை கொண்டுவரப் பார்ப்பார்கள். அதற்கு ரத்தம் உறையவே கூடாது. அதனால் உறைவதைத் தடுக்கும் மருந்துள்ள டியூபில்தான் ரத்தம் எடுக்க வேண்டும். அந்த டியூபின் லேபிளில் ஏசிடி-ஏ அல்லது சோடியம் சிட்ரேட் என்று இருக்கும். எடுத்ததும் டியூபை மெதுவாக நாலைந்து தடவை கவிழ்த்து நிமிர்த்திவிட்டு, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றுவார்கள். இரண்டு சுற்று முறையில், முதல் சுற்றில் சிவப்பணுக்கள் கீழே இறங்கிவிடும். மேலே நிற்கும் பிளாஸ்மாவைத் தனியே எடுத்து, இன்னும் வேகமாக ஒரு சுற்று. இப்போது பிளேட்லெட் அடியில் படியும். மேலே உள்ள பெரும்பகுதியைக் கொட்டிவிட்டு, அடியில் மிஞ்சும் கொஞ்சத்தைக் கலக்கி எடுத்தால் அதுதான் மருந்து. 20 மில்லி ரத்தம் எடுத்தால் இரண்டு மூன்று மில்லிதான் தேறும்.

அந்த கிளினிக்கில் நடந்தது இப்படி. மஞ்சள் மூடி போட்ட இரண்டு ஜெல் டியூபில் ரத்தம் எடுத்தார்கள். ஸ்டாண்டில் வைத்துவிட்டு, சிஸ்டர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். கால் மணி நேரத்துக்கு மேல் டியூப் அப்படியே நின்றது. எனக்கு அங்கேயே உறுத்தியது. ரத்தத்தைச் சும்மா நிற்கவைப்பது அது உறைவதற்காக. கொலஸ்ட்ரால், தைராய்டு பார்க்க நாங்கள் தினமும் செய்யும் வேலைதான் அது. டியூபை எடுத்து லேபிளைப் பார்த்தேன். க்ளாட் ஆக்டிவேட்டர் என்று அச்சடித்திருந்தது. அதாவது ரத்தத்தைச் சீக்கிரம் உறையவைக்கும் டியூப். அதில் உறைந்த கட்டிக்குள் பிளேட்லெட்டுகள் சிக்கி, சுற்றியபின் ஜெல்லுக்குக் கீழே போய்விடும். மேலே தெளிவாக, தேன் நிறத்தில் நிற்பது, ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் வெறும் சீரம்.

மூடியின் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஏசிடி டியூபுக்கும் மஞ்சள் மூடி வருவதுண்டு. ஜெல் இருப்பதும் தப்பில்லை, நல்ல பிஆர்பி கிட்டிலும் ஜெல் உண்டு. லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் கணக்கு. பெரிய எழுத்தில்தான் இருக்கும், போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சிரிஞ்சில் மிஞ்சிய அரை மில்லியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர்களுக்கு அது குப்பை, தந்துவிட்டார்கள். அன்றைக்கே தங்கையின் கையிலிருந்தும் கொஞ்சம் ரத்தம் எடுத்து, எங்கள் பெத்தாலஜிஸ்ட் மேடத்தின் அனுமதியோடு இரண்டையும் ரத்த அணுக்களை எண்ணும் கவுண்டர் மெஷினில் ஓட்டினேன். அவள் ரத்தத்தில் பிளேட்லெட் 2,60,000. அவர்கள் முகத்தில் போட்ட திரவத்தில் 4,000. பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குவிந்திருந்தால் மெஷின் குறைத்துக் காட்டும் என்பதால், மேடம் ஸ்லைடு போட்டும் பார்த்தார். குவியலும் இல்லை, பிளேட்லெட்டும் இல்லை. நாலு மடங்கு செறிவு என்று விற்ற பொருளில், சாதாரண ரத்தத்தில் இருப்பதில் அறுபதில் ஒரு பங்குகூட இல்லை.

ரிப்போர்ட்டோடு போய்க் கேட்டதற்கு, “சீரத்திலும் குரோத் ஃபேக்டர் இருக்கு மேடம்” என்றார் அங்கிருந்த மேனேஜர். முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ரத்தம் உறையும்போது பிளேட்லெட்டுகள் சில வளர்ச்சிக் காரணிகளை வெளியே விடும், அதில் கொஞ்சம் சீரத்தில் கலந்திருக்கும். ஆனால் பில்லில் எழுதியிருப்பது பிஆர்பி. வாங்கிய பணமும் பிஆர்பிக்கு.

இன்னொன்றும் பார்த்தேன். டியூபில் பெயர் எழுதவில்லை. அதே சென்ட்ரிஃப்யூஜில் இன்னொரு பெண்ணின் டியூபும் சுற்றிக்கொண்டிருந்தது, அதிலும் பெயர் இல்லை. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஆல்புகர்க்கி நகரத்து ஸ்பா ஒன்றில் ‘வாம்பயர் ஃபேஷியல்’ என்ற பெயரில் இதே மாதிரி ரத்தச் சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்கு எச்ஐவி தொற்றியது. 2018ல் வெளியே வந்த விஷயம். அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024ல் விரிவான அறிக்கை வெளியிட்டது. அங்கே சமையலறை ஃப்ரிட்ஜில் சாப்பாட்டோடு பெயர் எழுதாத ரத்த டியூப்கள் இருந்தனவாம். உங்கள் கண் முன்னே டியூபில் உங்கள் பெயரை எழுதவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அதற்கு மரியாதை பார்க்க வேண்டாம்.

சரி, ஒழுங்காகச் செய்த பிஆர்பி என்றால் முகம் பளபளக்குமா? ‘ஜாமா டெர்மட்டாலஜி’ என்ற மருத்துவ இதழில் 2018ல் வந்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். ஒரே ஆளின் ஒரு கன்னத்தில் பிஆர்பி, மறு கன்னத்தில் வெறும் உப்புநீர். எது எந்தப் பக்கம் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது, பிஆர்பி போட்ட பக்கம் தோல் கொஞ்சம் மிருதுவாகியிருப்பதாக அவர்களே சொன்னார்கள். ஆனால் விவரம் தெரியாமல் போட்டோவை மட்டும் பார்த்து மதிப்பெண் போட்ட தோல் மருத்துவர்களுக்கு இரண்டு கன்னத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கணக்கில் வந்தவர்கள் 19 பேர், போட்டதும் ஒரே தடவை. சின்னச் சோதனைதான். அதனால் பலனே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. பலன் இருந்தாலும், எதிரே நிற்கிறவர் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இல்லை என்று சொல்லலாம். தலைமுடி உதிர்வுக்கு இதைவிட நல்ல ஆதாரம் இருக்கிறது. அந்த ஆதாரத்தைக் காட்டித்தான் முகத்துக்கும் விற்கிறார்கள்.

அப்படியானால் ஊசி போட்ட மறுநாள் முகம் உப்பலாக, பளிச்சென்று இருப்பது ஏன்? தோலில் நூறு இடத்தில் குத்தித் திரவம் ஏற்றினால் லேசான வீக்கம் வரும், சின்னச் சுருக்கங்கள் மறையும், ரத்த ஓட்டம் கூடும். உப்புநீர் போட்டாலும் அதுதான் நடக்கும். சில நாளில் வடிந்துவிடும். கிளினிக்குகள் ‘ஆஃப்டர்’ போட்டோவை எப்போது எடுக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். நம்ம ஊர்த் தோலுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. குத்திய இடம் கன்றிப்போனால் அது பழுப்புத் தழும்பாக மாதக்கணக்கில் நிற்கும். முகூர்த்தத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஊசிப் பக்கம் போகவே கூடாது.

அடுத்து ஸ்கின் பூஸ்டர். சரியான பூஸ்டர் என்பது பெரும்பாலும் ஹைலூரானிக் அமிலம். தோலுக்குள் நீரைப் பிடித்துவைக்கும் ஜெல். இதற்கு ஆதாரம் பிஆர்பியைவிட உறுதியானது. ஸ்கின்வைவ் என்ற பூஸ்டருக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2023 மே மாதம் அனுமதி கொடுத்தது. கொடுத்தது எதற்கு என்று பாருங்கள்: கன்னத்துத் தோல் வழவழப்பாவதற்கு, அதுவும் சுமார் ஆறு மாதத்துக்கு. நிறம் கூடும் என்றோ, மங்கு போகும் என்றோ, பத்து வயது குறையும் என்றோ அதில் கிடையாது. எங்களிடம் சொன்னது இந்த மூன்றையும்தான்.

முதல் பூஸ்டருக்கு நான் போகவில்லை. பெட்டியைப் பிரித்துக் காட்டவில்லை, ஏற்கெனவே இன்சுலின் சிரிஞ்சில் நிரப்பி எடுத்து வந்தார்கள் என்றாள் தங்கை. ஹைலூரானிக் பூஸ்டர் பொதுவாகக் கம்பெனியே நிரப்பி மூடிய கண்ணாடி சிரிஞ்சில் வரும். பெட்டிக்குள் லாட் நம்பர் போட்ட, உரித்து ஒட்டும் ஸ்டிக்கர் இருக்கும். அதை நோயாளியின் ஃபைலில் ஒட்டுவது வழக்கம். இறக்குமதிச் சரக்கென்றால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, லைசன்ஸ் எண், எம்ஆர்பி எல்லாம் பெட்டியில் இருக்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்தும் கன்னத்தில் பட்டாணி அளவுக் கட்டிகள் நாலைந்து அப்படியே நின்றன. பூஸ்டர் போட்டதும் கொசுக்கடி மாதிரித் தடிப்பது சகஜம், ஓரிரு நாளில் அமுங்க வேண்டும். வெளியே ஒரு தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “உள்ளே போட்டது என்ன?” ஹைலூரானிக் அமிலம் என்றால் ஹைலூரானிடேஸ் ஊசி போட்டுக் கரைத்துவிடலாம். வேறு எதுவோ என்றால் அது வேலை செய்யாது. எங்களுக்குப் பதில் தெரியவில்லை. கிளினிக்கை நச்சரித்த பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது: கொரிய எழுத்துள்ள குப்பி, ஒரு ஓரத்தில் ஆங்கிலத்தில் ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’. இறக்குமதியாளர் ஸ்டிக்கர் எதுவும் இல்லை. பூச வேண்டியதை ஊசியில் ஏற்றியிருக்கிறார்கள். அது உள்ளே செலுத்துவதற்கான கிருமி நீக்கத்தோடு தயாரித்ததா என்றுகூடத் தெரியாததால், கட்டி சிவந்தாலோ சீழ் வைத்தாலோ உடனே வரச் சொன்னார் மருத்துவர். சில கிருமிகள் வாரக்கணக்கில் பொறுத்துத்தான் தலைகாட்டும் என்றார். நல்லவேளையாக அப்படி எதுவும் ஆகவில்லை. கட்டிகள் மெல்ல அமுங்கின. இரண்டு பழுப்புத் தழும்புகள் கல்யாணத்தன்று மேக்கப்புக்குள் ஒளிந்துகொண்டன.

ஊசி போட்டது டாக்டரா என்று பலர் கேட்பீர்கள். போர்டில் டாக்டர் பெயர் இருந்தது. ஊசி போட்டது ‘தெரபிஸ்ட்’. போர்டில் உள்ளவர் பதிவு பெற்றவரா என்று தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு எண்ணை வைத்துப் பார்க்கலாம். அவரேதான் ஊசி போடுவார் என்பதை எழுதி வாங்குங்கள்.

பணம் திரும்பாது என்று பேக்கேஜ் ரசீதில் அச்சடித்திருந்தார்கள். அதை நம்பி விட்டுவிட வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் பதிவு செய்தோம். டியூப் போட்டோ, கவுண்டர் ரிப்போர்ட், குப்பியின் போட்டோ எல்லாவற்றையும் வைத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம். செய்யாத தவணைகளின் பணத்தை மட்டும் திருப்பித் தந்தார்கள். மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுகிறோம். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. கிளினிக்குகளுக்கான பதிவுச் சட்டம் தமிழ்நாட்டில் 1997லிருந்தே இருப்பதால், சுகாதாரத் துறை இணை இயக்குநர் அலுவலகத்துக்கும் தனியாக ஒரு புகார் போயிருக்கிறது. அங்கே அனுப்பும்போது குப்பியின் போட்டோவை முதல் பக்கத்திலேயே வையுங்கள்.