எச்சரிக்கை: 2 ஆம்பியர் ஃப்யூஸ் இருந்த இடத்தில் 10 ஆம்பியர் போட்டு, ₹6,400 நட்டம்

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் அப்பச்சி காலையில் பக்திப் பாடல் கேட்கும் ஆம்பிளிஃபையர் நின்றுபோனதால், வீட்டுக்கே வந்து எடுத்துச் சென்று பழுதுபார்த்துத் தரும் ஒரு கடையிடம் கொடுத்தோம். கடைக்காரர் எங்கள் முன்னிலையிலேயே 20 மில்லிமீட்டர் நீளக் கண்ணாடி ஃப்யூஸைக் கழற்றிக் காட்டி, "ஃப்யூஸ்தான் போயிருக்கிறது அண்ணே, வேறொன்றுமில்லை" என்றார். அந்த நிதானமான பேச்சை நம்பி ₹650 கொடுத்தோம்.

திரும்பி வந்த ஆம்பிளிஃபையர் சில நாள் பாடியது. பிறகு ஒரு காலையில் ஸ்பீக்கரில் உறுமல் எழுந்து, வார்னிஷ் கருகும் வாடை வளவு முழுவதும் பரவியது. வேறொரு மெக்கானிக் திறந்து பார்த்தபோது, சூடேறினால் ஷார்ட் ஆகும் டையோடு ஒன்றும், எரிந்துபோன டிரான்ஸ்ஃபார்மரும், அவற்றுக்கு நடுவே சிறிதும் சேதமின்றி ஒரு 10 ஆம்பியர் ஃப்யூஸும் இருந்தன. புது டிரான்ஸ்ஃபார்மர், டையோடு, கூலி எல்லாம் ₹5,750. முன்பு கொடுத்ததையும் சேர்த்தால் ₹6,400.

பழைய ஃப்யூஸின் உலோகத் தொப்பியில் T2AL250V என்று பொறித்திருந்தது. 2A என்பது 2 ஆம்பியர். T என்பது தாமதித்து உருகும் வகை. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள கருவி சுவிட்சைப் போட்ட கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அந்தச் சிறு பொழுதைத் தாங்கவே T தேவைப்படுகிறது. கடைக்காரர் முதலில் F என்ற விரைவு வகையில் 2 ஆம்பியர் போட்டிருக்கிறார். அது உடனே போய்விட்டதால் 10 ஆம்பியருக்கு ஏறியிருக்கிறார். இதை அவரே தொலைபேசியில் சொன்னார்! T வகை 2 ஆம்பியர் ஃப்யூஸ், 4.2 ஆம்பியர் ஓடினால் இரண்டு நிமிடத்துக்குள் உருகியாக வேண்டும். 10 ஆம்பியர் ஃப்யூஸுக்கோ அது ஒரு சுமையே அன்று. டிரான்ஸ்ஃபார்மர் கருகும்வரை அப்படியே நிற்கும்.

கழற்றிய ஃப்யூஸின் கண்ணாடி உட்புறம் கறுத்து, முகம் பார்க்கும் கண்ணாடிபோல் பளபளத்ததையும் நானே பார்த்தேன். அது ஷார்ட்டுக்கு அடையாளம் என்பது தொழில் தெரிந்தவருக்குத் தெரியாதா? சற்றே கூடுதலான சுமையால் போயிருந்தால் கம்பி நடுவில் அறுந்திருக்கும், கண்ணாடி தெளிவாகவே இருக்கும்.

பணத்தைக் கேட்டபோது, "உங்கள் வீட்டுக் கரண்டில் ஏற்ற இறக்கம்" என்றார்கள். அடுத்த முறை, "முதலாளி தேவகோட்டை போயிருக்கிறார்" என்றார்கள். இப்போது அழைப்பையே எடுப்பதில்லை. ₹6,400 போனது போனதுதான்.

ஆகவே பழுதுக்குக் கொடுக்கும் முன் ஃப்யூஸ் தொப்பியின் எழுத்துகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, திரும்பி வந்ததும் ஆம்பியர், T அல்லது F, 250V மூன்றும் ஒத்திருக்கின்றனவா என்று கேட்டுச் சரிபாருங்கள். கார் ஃப்யூஸையோ கம்பிச் சுற்றலையோ அனுமதிக்காதீர்கள். சரியான ஃப்யூஸே மறுபடி போனால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு உள்ளே உள்ள கோளாற்றைத் தேடச் சொல்லுங்கள்.