நாக்கும் முப்பட்டகமும்: இரு ராக் குழுக்களின் அடையாளம்

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சிவந்த உதடும் நீட்டிய நாக்கும் கொண்ட சின்னத்தை வரைந்த ஜான் பாஷ், 1970-இல் லண்டன் ராயல் கலைக் கல்லூரியின் மாணவர். முதலில் பெற்ற ஊதியம் 50 பவுண்டு. குழுவின் பாடகர் மிக் ஜாகர் அவருக்கு முன்மாதிரியாகக் காட்டியது, நாக்கை நீட்டி நிற்கும் காளியின் படத்தை. 1971 முதல் இசைத்தட்டு, பனியன், சுவரொட்டி என எதில் அச்சிட்டாலும் அதன் தடித்த கோடு சிதையவில்லை. உறையின் படம் ஆல்பத்துக்கு ஆல்பம் மாறினாலும் சின்னம் மாறவில்லை.

பிங்க் ஃப்ளாய்ட் நேர்மாறான வழியில் சென்றது. ஹிப்னோசிஸ் நிறுவனம் 1970-இல் அவர்களுக்கு அமைத்த உறையின் முகப்பில் குழுவின் பெயரோ ஆல்பத்தின் பெயரோ இல்லை. புல்வெளியில் திரும்பிப் பார்க்கும் ஒரு பசு மட்டுமே இருந்தது. 1973-இல் வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' உறைக்கு, எளிமையான வடிவம் வேண்டும் என்று குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட் கேட்க, ஓவியர் ஜார்ஜ் ஹார்டி கறுப்புப் பின்னணியில் முப்பட்டகத்தை வரைந்தார். அதிலிருந்து பிரியும் நிறங்கள் ஆறு, கருநீலம் இல்லை. விரித்தால் உட்பக்கத்தில் அந்தக் கதிர் தொடர்கிறது, அதன் பச்சைக் கோடு மட்டும் இதயத் துடிப்பின் அலையாக எழுந்து தாழ்கிறது. ஆல்பம் தொடங்குவதும் இதயத் துடிப்பொலியில்தான்.

சின்னம் குழுவை நினைவூட்டும், ஆனால் எந்தப் பாடலைப் பற்றியும் எதுவும் சொல்லாது. உறையோவெனில் இசைக்குள்ளேயே அழைத்துச் செல்லும். எனினும் அதன் முழு வேலைப்பாடு பன்னிரண்டு அங்குல அட்டையை விரித்துப் பார்ப்பவருக்கே கிட்டும். ஆழத்தைக் கருதி நான் உறையையே தேர்வேன்.