போட் ப்ளொட்டை நேர்கோட்டால கீறுறது: கன காலம் பாவிச்சவன்ட அனுபவம்

நான் திருகோணமலையில துறைமுகப் பக்கம் கன்ட்ரோல் வேலை பாக்கிறன், பின்னேரத்தில ரெண்டு மூண்டு பெடியளுக்குப் பாடமும் சொல்லிக் குடுக்கிறன். கம்பியூட்டர்ல ஒரு வரி அடிச்சா போட் ப்ளொட் வந்திடும், பிறகேன் செமி லொக் பேப்பரும் அடிமட்டமும் எண்டு எல்லாரும் கேக்கினம். 2022ல கரண்ட் மணிக்கணக்கா நிண்ட நேரம் பேப்பர் கைகுடுத்தது ஒரு பக்கம். ஆனா நான் இன்னும் இதை விடாததுக்குக் காரணம் வேற, கோட்டைப் பாத்தா எந்த போல் எங்க என்ன செய்யுது எண்டு தெரியும், சொஃப்ட்வெயார் கீறின வளைவில அது அவ்வளவு லேசாத் தெரியாது.

உதாரணத்துக்கு இதை எடுப்பம்:

```
G(s) = 10000 / ( s (s+10) (s+100) )
     = 10 / ( s (1+s/10) (1+s/100) )
```

ரெண்டாவது வரிதான் முக்கியம். ஒவ்வொரு அடைப்புக்குள்ளயும் 1ல தொடங்கிற மாதிரி மாத்தினாத்தான் உண்மையான கெய்ன் 10 எண்டு வரும். மாத்தாம 10000ஐ அப்பிடியே போட்டா முழுப் படமும் 60 டெசிபெல் மேல போய் நிக்கும், சோதினையில கனபேர் விழுற இடம் இதுதான்.

இனி கீறுறது லேசு. கீழ ஒரு s இருக்கிறதால தொடக்கமே டெக்கேட்டுக்கு 20 டெசிபெல் இறங்கிற கோடு, செக்கனுக்கு 1 ரேடியன்ல அது 20 டெசிபெல்ல நிக்கும். 10ல முதல் கோர்னர், அங்கயிருந்து 40 ஆ இறங்கும், 100ல அடுத்தது, பிறகு 60. கோடு பூச்சியத்தை வெட்டுறது சரியா 10ல, அதாவது கோர்னருக்கு மேலயே.

இந்த இடத்திலதான் கோட்டுக்கும் நிசத்துக்கும் வித்தியாசம் ஆகக் கூட. ஒரு சாதாரண போல்ட கோர்னர்ல உண்மையான வளைவு 3 டெசிபெல் கீழ இருக்கும், அதுக்கு இரட்டிப்பு, அரைவாசி ஃப்ரீக்குவென்சியில 1 டெசிபெல்தான் கீழ. அப்ப உண்மையா வெட்டுறது 10ல இல்ல, 7.84 கிட்ட. 10ல ஃபேஸைக் கணக்குப் பாத்தா மார்ஜின் 39 பாகை, 7.84ல பாத்தா 47. கோடு உங்களைக் கொஞ்சம் கூடப் பயப்படுத்துது, அவ்வளவுதான், அந்தப் பயம் நல்லது. மேல ஒரு ஸீரோ இருந்தா பிழை மற்றப் பக்கம் போகும், அங்க நிசம் 3 டெசிபெல் மேல, அதால வெட்டுற இடமும் கோடு காட்டுறதை விட தள்ளிப் போகும், இதைக் கவனிக்கோணும்.

சரி, இவ்வளவு காலம் பாவிச்சதில இந்த முறையில எனக்கிருக்கிற ஒரே பெரிய குறை இதுதான். வால்வால ஹைட்ரோலிக் சிலிண்டரை நகர்த்திற சிஸ்டம் கிட்டத்தட்ட இப்பிடித்தான் வரும்:

```
G(s) = 300 / ( s (s^2 + 2s + 100) )
     = 3 / ( s (1 + 0.02s + s^2/100) )
```

ஒரு பெடியன் இதைக் கோடு போட்டுக்கொண்டு வந்து, "அண்ணை, 3ல வெட்டுது, ஃபேஸ் மார்ஜின் 86 பாகை, சோக்கான சிஸ்டம்" எண்டான். கோட்டின்படி அவன் சொன்னது சரிதான், 10ல கோர்னர், அங்க கோடு மைனஸ் 10.5 டெசிபெல், பிறகு 60 ஆ இறங்குது, ஒரு பயமும் தெரியாது.

"தம்பி, அந்த ரெண்டு போல்ட டாம்பிங் என்ன எண்டு பாத்தியா" எண்டு கேட்டன். s ஓட இருக்கிற 2, ரெண்டு தரம் டாம்பிங் தர 10, அப்ப டாம்பிங் 0.1 தான். கோர்னர்ல இந்தச் சோடி கோட்டை விட `1/(2ζ)` மடங்கு மேல நிக்கும், 0.1க்கு அது 5 மடங்கு, 14 டெசிபெல். மைனஸ் 10.5 ஓட 14ஐக் கூட்டினா பிளஸ் 3.5! அதே 10லதான் ஃபேஸும் மைனஸ் 180. அப்ப லூப்பை மூடினா சிஸ்டம் ஆடத் தொடங்கிடும், அவன் நம்பாட்டி ரூத் டேபிளால பாக்கலாம், `s^3 + 2s^2 + 100s + 300`, 2 தர 100 வாறது 200, அது 300ஐ விடக் குறைவு, அன்ஸ்டேபிள்தான்.

அதால டாம்பிங் 0.5க்குக் கீழ எண்டா நான் கோர்னர்ல அந்த உயரத்துக்கு ஒரு புள்ளி வைக்காம கோட்டை நம்பிறதில்ல. ஒரு புள்ளிதான், ஆனா என்ன செய்யலாம் எண்டும் அதுவே காட்டும். கெய்ன் 3ஐ 1 ஆக்கினா 6 டெசிபெல் கெய்ன் மார்ஜின் கிடைக்கும், ஆனா வேகம் மூண்டில ஒண்டாப் போகும். கெய்னைத் தொடாம டாம்பிங்கை 0.3க்குக் கொண்டுவந்தா மேட்டின்ட உயரம் 4.4 டெசிபெல் தான், அப்பவும் அதே 6 டெசிபெல் மார்ஜின். சிலிண்டர்ட ரெண்டு பக்கத்துக்கும் நடுவில ஒரு சின்ன லீக் பாதை விட்டு டாம்பிங் ஏத்திற வழக்கம் இருக்கு, ஆனா பாரம் தள்ளினா சிலிண்டர் கொஞ்சம் வழுவும், எது தேவை எண்டு மெஷினைப் பாத்துத்தான் முடிவெடுக்கோணும்.