"98% துல்லியம்" என்று விற்கப்படும் ஏஐ டிடெக்டர்கள்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

2025 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், ஏஐ டிடெக்டர் விற்ற ஒரு நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. ஒரு கட்டுரையை மனிதர் எழுதினாரா, சாட்பாட் எழுதியதா என்று 98 சதவீதத் துல்லியத்துடன் சொல்லிவிடும் என்பதுதான் அந்தக் கருவிக்கான விளம்பரம். பொதுவான எழுத்துகளை வைத்துத் தனியாகச் சோதித்தபோது கிடைத்தது 53 சதவீதம் என்றது கமிஷன். நாணயத்தைச் சுண்டிவிட்டாலே பாதி சரியாக வரும். வலைப்பதிவுகள், விக்கிப்பீடியா என்று பலவகை எழுத்துகளால் பயிற்சி கொடுத்ததாக விளம்பரம் சொன்னது. உண்மையில் கல்வித்துறைக் கட்டுரைகளை மட்டும் இனங்காணவே அது பழக்கப்பட்டிருந்தது என்பது குற்றச்சாட்டு. காசு கொடுத்து வாங்கியவர்கள் அதை நம்பி யார் யாரைச் சந்தேகப்பட்டார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது.

எல்லா நிறுவனங்களும் இவ்வளவு அப்பட்டமாக மாட்டிக்கொள்வதில்லை. பெரும்பாலும் விளம்பரத்தில் இருக்கும் எண் பொய்யாக இருக்காது. நிஜமாகவே அளந்த எண்ணாக இருக்கும். ஆனால் அளந்த இடம் வேறு, நீங்கள் பயன்படுத்தப்போகும் இடம் வேறு. ஏமாற்றம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

முதலில் இரண்டு சொற்கள். உண்மையில் ஏஐ எழுதிய கட்டுரைகளில் எத்தனையைக் கருவி பிடித்தது என்பது ரீகால். கருவி "இது ஏஐ" என்று பிடித்துக்கொடுத்தவற்றில் எத்தனை நிஜமாகவே ஏஐ என்பது பிரிசிஷன். குற்றம் சாட்டப்பட்டு எதிரே நிற்கும் மாணவருக்கு முக்கியமானது பிரிசிஷன்தான். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் "துல்லியம்", அதாவது அக்யூரசி, இந்த இரண்டும் அல்ல. மொத்தத் தீர்ப்புகளில் எத்தனை சரி என்பது மட்டுமே அது.

இப்போது ஒரு விற்பனையாளரின் சோதனை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். 500 மனிதக் கட்டுரை, 500 ஏஐ கட்டுரை. ஏஐ எழுதியதில் 485-ஐக் கருவி பிடிக்கிறது. மனிதர் எழுதியதில் 5-ஐத் தவறாகப் பிடிக்கிறது. ஆக ரீகால் 97 சதவீதம். பிடிபட்ட 490-இல் 485 சரி என்பதால் பிரிசிஷன் 99 சதவீதம். 1000 தீர்ப்புகளில் 980 சரி, அக்யூரசி 98 சதவீதம். மூன்று எண்ணும் உண்மை. மூன்றையும் விளம்பரத்தில் போடலாம்.

அதே கருவியை ஒரு கல்லூரி வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பருவத்தில் 2000 கட்டுரைகள் வருகின்றன. அவற்றில் 60, அதாவது 3 சதவீதம்தான் முழுக்க ஏஐ எழுதியவை. 97 சதவீத ரீகாலில் 58 பிடிபடும். மீதி 1940 கட்டுரைகள் மாணவர்கள் தாங்களே எழுதியவை. மனிதக் கட்டுரைகளில் 1 சதவீதம் தவறாகப் பிடிபடுகிறது என்பதால், இங்கே 19 பேர் சிக்குவார்கள். மொத்தம் பிடிபட்டது 77. அதில் உண்மை 58. பிரிசிஷன் 75 சதவீதம். விளம்பரத்தில் 99 என்று படித்த அதே எண்தான் இது. கருவியில் ஒரு திருகுகூட மாறவில்லை. சோதனையில் பாதிக்குப் பாதி ஏஐ இருந்தது, இங்கே நூற்றுக்கு மூன்றுதான் இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்; ஆனால் விசாரணைக்கு அழைக்கப்படும் நான்கு பேரில் ஒருவர் நிரபராதி.

விற்பனையாளர் சொல்லும் பிரிசிஷனை அப்படியே எடுத்துக்கொள்ளவே கூடாது என்பதற்கு இதுதான் காரணம். அவர்களிடம் கேட்டு வாங்க வேண்டியவை இரண்டு எண்கள்: ரீகால், மனிதர் எழுதியதில் தவறாகப் பிடிபடும் விகிதம், அதாவது ஃபால்ஸ் பாசிட்டிவ் ரேட். உங்கள் இடத்தில் ஏஐ கட்டுரை எத்தனை சதவீதம் இருக்கும் என்பதை நீங்களே மதிப்பிட்டு, பிரிசிஷனை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்:

```
precision = (recall * p) / (recall * p + fpr * (1 - p))
```

இதில் `p` என்பது ஏஐ எழுதியவற்றின் பங்கு, `fpr` என்பது ஃபால்ஸ் பாசிட்டிவ் ரேட். `p` உறுதியாகத் தெரியாவிட்டால் 0.02, 0.05, 0.10 என்று மூன்று மதிப்புகளைப் போட்டுப் பாருங்கள்.

மேலே போட்ட கணக்குகூட விற்பனையாளருக்குச் சாதகமானதுதான். அவர் சொன்ன 97-ம் 1-ம் உங்கள் இடத்திலும் அப்படியே நிற்கும் என்று வைத்துக்கொண்டோம். அது நிற்பதில்லை. சாட்பாட் கொடுத்ததை வரிக்கு வரி மாற்றி எழுதினால் ரீகால் சரியும். இரண்டாம் மொழியில், எளிய சொற்களில், சீரான வாக்கியங்களில் எழுதுபவர்கள் அதிகம் இருந்தால் ஃபால்ஸ் பாசிட்டிவ் ஏறும். அடுத்து வரும் சொல்லை எவ்வளவு எளிதில் ஊகிக்க முடிகிறது என்பதைப் பல டிடெக்டர்கள் தடயமாக எடுத்துக்கொள்வதுதான் காரணம். பழகிய சொற்களையே எழுதுபவர் அந்த அளவுகோலில் எந்திரம் போலத் தெரிவார். 2023-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு டிடெக்டர்களில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகளை ஏஐ என்றன அவை.

அவ்வளவு மோசமாக வேண்டாம். நம் கல்லூரியில் ஃபால்ஸ் பாசிட்டிவ் 5 சதவீதம், ரீகால் 70 சதவீதம் என்று மட்டும் வைப்போம். 60-இல் 42 பிடிபடும். 1940-இல் 97 பேர் தவறாகச் சிக்குவார்கள். பிடிபட்ட 139 பேரில் 42 பேர் மட்டுமே ஏஐ-யிடம் எழுதி வாங்கியவர்கள்; பிரிசிஷன் 30 சதவீதம். பத்துப் பேரைக் கூப்பிட்டு விசாரித்தால் ஏழு பேர் எந்தத் தவறும் செய்யாதவர்கள்.

இந்த நிலையிலும் அக்யூரசி எவ்வளவு தெரியுமா? 2000-இல் 1885 தீர்ப்புகள் சரி, 94 சதவீதம். இன்னும் பாருங்கள். எந்தக் கருவியும் இல்லாமல், வருகிற கட்டுரை எல்லாவற்றையும் "மனிதர் எழுதியது" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் 1940 சரி. அக்யூரசி 97 சதவீதம். ஒன்றையுமே பிடிக்காத முத்திரைக் கட்டை, காசு கொடுத்து வாங்கிய கருவியை மிஞ்சிவிடுகிறது. அக்யூரசி என்ற ஒற்றை எண்ணை மட்டும் காட்டி விற்க வருபவரிடம், "எல்லாவற்றையும் மனிதர் எழுதியது என்று சொல்லியிருந்தால் உங்கள் சோதனையில் எவ்வளவு வந்திருக்கும்?" என்று கேளுங்கள். பதிலிலிருந்தே அவர்களுடைய சோதனையில் எத்தனை பங்கு ஏஐ இருந்தது என்பது தெரிந்துவிடும்.

அடுத்து, அடிக்கடி நடக்கும் ஒரு தில்லுமுல்லு. சில கருவிகள் "ஏஐ", "மனிதர்" என்பவற்றோடு "உறுதியில்லை" என்றும் ஒரு பதில் தரும். அதில் தவறில்லை, தெரியாததைத் தெரியாது என்று சொல்வது நேர்மைதான். ஆனால் அறிக்கை எழுதும்போது "உறுதியில்லை" என்று வந்தவற்றைக் கணக்கிலிருந்தே தூக்கிவிடுவார்கள். 500 ஏஐ கட்டுரைகளில் 295-ஐப் பிடித்தது, 5-ஐ மனிதர் என்றது, 200-க்கு உறுதியில்லை என்றது என்று வையுங்கள். 300-க்கு 295 என்று போட்டால் ரீகால் 98 சதவீதம். 500-க்கு 295 என்று போட்டால் 59 சதவீதம். அறிக்கையில் சதவீதம் மட்டும் இருந்து எண்ணிக்கை இல்லாவிட்டால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆகவே நான்கு எண்ணிக்கைகளையும் எழுத்தில் கேளுங்கள்: ஏஐ என்று சரியாகப் பிடித்தது, தவறாகப் பிடித்தது, தவறவிட்டது, மனிதர் என்று சரியாக விட்டது. இந்த நான்கையும் கூட்டினால் சோதித்த கட்டுரைகளின் மொத்த எண்ணிக்கை வர வேண்டும். வராவிட்டால் மீதி எங்கே என்று கேளுங்கள்.

பிரிசிஷனையும் ரீகாலையும் வெவ்வேறு அமைப்பில் அளந்து பக்கத்தில் பக்கத்தில் போடுவதும் உண்டு. கருவி உள்ளுக்குள் ஒரு மதிப்பெண் தருகிறது. எத்தனைக்கு மேல் போனால் ஏஐ என்று முடிவு செய்வது என்ற வரம்பை ஏற்றினால் பிரிசிஷன் கூடும், ரீகால் குறையும். இறக்கினால் நேர்மாறு. ஒவ்வொன்றுக்கும் சிறந்த வரம்பை எடுத்துப் போட்டால், எந்த நாளிலும் சேர்ந்து கிடைக்காத இரண்டு எண்கள் ஒரே பலகையில் மின்னும். இரண்டும் ஒரே வரம்பில் அளந்தவையா, நமக்கு வரும் கருவியிலும் அதே வரம்புதானா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

கேள்விகளோடு நிற்காமல் நீங்களே சோதிப்பதுதான் பாதுகாப்பு. அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. சாட்ஜிபிடி பொதுமக்களுக்கு வந்தது 2022 நவம்பர் 30-இல். அதற்கு முந்தைய ஆண்டுகளில் உங்கள் மாணவர்கள் எழுதிய கட்டுரைகள் கோப்புகளில் கிடக்கும். அவற்றைச் சாட்பாட் எழுதியிருக்க வாய்ப்பே இல்லை என்று சொல்லலாம். இணையத்தில் வெளியாகாதவையாகப் பார்த்து 300 எடுங்கள். பெயர், பதிவெண் எல்லாவற்றையும் நீக்குங்கள். வரம்பை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, எல்லாவற்றையும் கருவியில் போடுங்கள். முடிவைப் பார்த்த பிறகு வரம்பை மாற்றக் கூடாது. 12 கட்டுரை ஏஐ என்று வந்தால் ஃபால்ஸ் பாசிட்டிவ் 4 சதவீதம். உண்மை மதிப்பு ஏறத்தாழ 2-க்கும் 7-க்கும் நடுவில் எங்கோ இருக்கும்.

300 எதற்கு, 50 போதாதா என்று தோன்றலாம். 50 மனிதக் கட்டுரைகளில் ஒன்றுகூடத் தவறாகப் பிடிபடவில்லை என்று விற்பனையாளர் பெருமையாகக் காட்டினாலும், அதிலிருந்து பூஜ்யம் என்று முடிவு கட்ட முடியாது. ஒரு தவறும் வராத சோதனையில், 3-ஐ எண்ணிக்கையால் வகுத்தால் வருவது 95 சதவீத நம்பகத்தில் ஏறத்தாழ மேல் எல்லை. 50-க்கு அது 6 சதவீதம். "1 சதவீதத்துக்கும் கீழ்" என்று சொல்ல வேண்டுமானால், ஒரு தவறும் இல்லாமல் குறைந்தது 300 கட்டுரைகள் தாண்டியிருக்க வேண்டும்.

ரீகாலுக்கு அதே பாடத் தலைப்புகளில் சாட்பாட்டிடம் எழுதி வாங்கி, பாதியை அப்படியேயும், மீதியை ஒருவர் உட்கார்ந்து திருத்திய பிறகும் போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் எண்ணைத் தனித்தனியாக எழுதுங்கள். சேர்த்துச் சராசரி எடுத்தால், திருத்தியவற்றில் கருவி தடுமாறுவது மறைந்துபோகும்.

சோதனைக்கு அனுமதி கேட்கும்போது விற்பனையாளர் இழுத்தடித்தாலோ, தாங்கள் தேர்ந்தெடுத்துத் தரும் மாதிரிகளில் மட்டும்தான் சோதிக்கலாம் என்றாலோ, அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். சம்மதித்தால், உங்கள் 300 பழைய கட்டுரைகளில் கிடைத்த விகிதத்தையும் அப்போதிருந்த வரம்பையும் கருவியின் பதிப்பு எண்ணையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். பதிப்பு மாறும் ஒவ்வொரு முறையும் அதே 300-ஐ மறுபடி ஓட்டி, தவறாகப் பிடிபடுபவை கூடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெற்று விலக உரிமை உண்டு என்ற வரியையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.